தம்பியின் காசும் அண்ணனின் காசும்

(எலுவன்குளம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், விடுமுறை, நிலுவை என்று இந்தக் கூட்டத்தில் நாங்கள் பல விஷயம் கதைத்திருக்கிறோம். சம்பாதித்த பிறகு அந்தக் காசை எங்கே, எந்த அளவில் பிரித்து வைப்பது என்று கதைத்தது குறைவு. இன்றைக்கு அதையே எடுத்திருக்கிறோம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கும் அடுத்த வருஷம் வேலையை விடப்போகும் பெரியவருக்கும் ஒரே மாதிரிப் பிரிப்பு சரிவராது. ஏன் சரிவராது, எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

முதலில் எங்கள் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி, நாங்கள் ஈ.பி.எஃப் என்று சொல்வது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 எங்களிடம் கழிக்கிறார்கள், தோட்டம் 12 போட வேண்டும். மொத்தம் 20. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளி 2,400, தோட்டம் 3,600, ஆக மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் காசு மத்திய வங்கியில் என்ன ஆகிறது? அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கத்துக்குக் கடனாகப் போகிறது. திறைசேரி முறிகள் என்று அதற்குப் பெயர். கம்பனிப் பங்குகளில் இருப்பது சிறு பகுதிதான். வருஷம் முடிந்ததும் ஒரு வட்டி வீதத்தை அறிவிப்பார்கள். 2022க்கு 9 சதவீதம், 2023க்கு 13 சதவீதம். 20 வயதுக்காரருக்கும் 59 வயதுக்காரருக்கும் அதே வட்டிதான், உள்ளே இருக்கும் கலவையும் அதேதான்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இந்தியாவின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வயதுக்கேற்பத் தானாக மாறும் ஒரு வழி இருக்கிறது. அதில் நடுத்தரமான வகையை எடுத்தால், 35 வயது வரை காசில் பாதி கம்பனிப் பங்குகளில் நிற்கும். அதன் பிறகு வருஷத்துக்கு நூற்றுக்கு 2 குறைந்துகொண்டு வந்து, 55 வயதில் 10 ஆகிவிடும். பங்கில் குறைந்த அளவு, அரசாங்க முறிகளிலும் உறுதியான கடன்களிலும் கூடும். எங்கள் ஈ.பி.எஃப்பில் அந்த மாற்றம் கிடையாது. ஆகவே வயதுக்கேற்ற மாற்றத்தை நாங்கள்தான், ஈ.பி.எஃப்புக்கு வெளியே இருக்கும் காசில் செய்துகொள்ள வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். எங்கள் தோட்டத்து ஆட்கள் யாரும் அல்ல, கணக்குக்காக நாங்களே வைத்தவர்கள். தம்பிக்கு 25 வயது, ஈ.பி.எஃப்பில் 1 லட்சத்து 80 ஆயிரம் இருக்கிறது. அண்ணனுக்கு 59 வயது, 18 லட்சம் இருக்கிறது. இருவருக்கும் சம்பளம் 30,000. இருவரும் 60 வரை வேலை செய்வார்கள்.

யார் பணக்காரர் என்று கேட்டால் எல்லோரும் அண்ணனைக் காட்டுவோம். பத்து மடங்கு வைத்திருக்கிறார் அல்லவா? ஆனால் இனி வரவேண்டியதையும் சேர்த்துப் பாருங்கள். தம்பிக்கு இன்னும் 35 வருஷம் இருக்கிறது. மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000. சம்பளம் ஒரு சதமும் கூடாவிட்டாலும், வட்டியை விட்டுவிட்டாலும், 35 வருஷத்தில் 25 லட்சத்து 20 ஆயிரம் வரும். அவருடைய மொத்தம் 27 லட்சம். அதில் இன்று கையில் இருப்பது பதினைந்தில் ஒரு பங்கு. மிச்சம் முழுவதும் இன்னும் செய்யாத வேலையில் இருக்கிறது. அண்ணனுக்கோ இனி வருவது ஒரு வருஷத்து 72,000 மட்டும். அவருடைய சொத்து ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டது.

இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதை 2022 காட்டியது. அந்த வருஷம் டிசம்பரில் கொழும்பு விலைவாசிச் சுட்டெண் முந்திய டிசம்பரைவிட 57 சதவீதம் உயர்ந்து நின்றது. 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 157 ரூபா. ஈ.பி.எஃப்பில் இருந்த 100 ரூபா 9 சதவீத வட்டியோடு 109 ஆனது. 109 ரூபாவைக் கொண்டு 157 ரூபாச் சாமானை வாங்கப் போனால் பத்தில் ஏழு பங்குதான் கிடைக்கும். புத்தகத்தில் காசு குறையவில்லை, கூடித்தான் இருந்தது. கடையில் அதன் பெறுமதி பத்தில் மூன்று பங்கு போய்விட்டது.

அப்படி இன்னொரு வருஷம் வந்தால் என்ன ஆகும்? தம்பியின் 1 லட்சத்து 80 ஆயிரத்தில் பத்தில் மூன்று, 54,000 ரூபாப் பெறுமதி போகும். அது அவருக்கு 9 மாதத்துச் சந்தா. அண்ணனின் 18 லட்சத்தில் 5 லட்சத்து 40 ஆயிரம் போகும். அது 90 மாதச் சந்தா, ஏழரை வருஷம். அவருக்கோ மிச்சமிருப்பது ஒரு வருஷம். அடி ஒன்றுதான். தம்பி அதை உழைத்து நிரப்பிவிடுவார், அண்ணனால் நிரப்ப முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலைவாசி ஏறினால் சம்பளமும் பின்னால் இழுபட்டாவது வரும். 2021இல் குறைந்தபட்சச் சம்பளம் கொடுப்பனவுகளையும் சேர்த்து 16,000. இப்போது 30,000. அது தானாக ஏறவில்லை, கேட்டுக் கேட்டு, பிந்தித்தான் ஏறியது. ஆனாலும் ஏறியது. அதனால் தம்பியின் இனி வரும் சந்தாவும் ஏறிவிட்டது. அண்ணனின் பழைய சந்தா, 1998இலும் 2005இலும் அன்றைய சம்பளத்துக்குக் கட்டியது, யார் போராடினாலும் இனி ஏறாது. அதற்கு வட்டி மட்டும்தான்.

ஆகவே நாங்கள் பார்க்க வேண்டியது வயதை மட்டும் அல்ல, இன்னும் எத்தனை வருஷம் சம்பளம் வரும் என்பதை. மரம் ஏறிப் பறிக்கும் ஒருவருக்கு 40 வயது, முழங்கால் போய்விட்டது என்றால், அவர் 40 வயது அண்ணன். காவல் வேலையில் நல்ல உடம்போடு இருக்கும் 50 வயதுக்காரருக்கு இன்னும் 10 வருஷச் சம்பளம் இருக்கிறது. உங்கள் இடத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இனி தம்பி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கையில் கிடைப்பது 27,600. வீட்டுச் செலவு போக மாதம் 2,000 மிஞ்சுகிறது என்று வைப்போம். அந்த 2,000 முதலில் போக வேண்டியது சாதாரண சேமிப்புக் கணக்குக்கு. இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடிய செலவு, 60,000 ரூபா சேரும் வரை வேறெங்கும் போகக்கூடாது. எங்கள் பக்கத்துக்கு இது மிகவும் தேவை. மழை பொய்த்தால் தென்னையில் காய் குறைவது அந்த மாதம் அல்ல, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. பறிப்புச் சுருங்கும், உரிப்புச் சுருங்கும், நாள் வேலை குறையும். அந்த நேரத்தில் கையில் காசு இல்லாதவர் நகையை அடகு வைப்பார். அடகு வட்டி எந்தச் சேமிப்பு வட்டியையும் தின்றுவிடும்.

60,000 சேர இரண்டரை வருஷம் ஆகும். அதன் பிறகு அதே 2,000 ரூபா விலைவாசியை முந்தக்கூடிய இடத்துக்குப் போகலாம். கம்பனிப் பங்குகள் அப்படி ஓர் இடம். ஒரு தொழிலாளி தனித்தனிக் கம்பனியைப் பார்த்துப் பங்கு வாங்குவது கடினம். பலருடைய சிறு காசைச் சேர்த்து, பல கம்பனிகளில் பிரித்துப் போடும் அலகு நம்பிக்கை நிதியங்கள் இருக்கின்றன. யூனிட் ட்ரஸ்ட் என்று சொல்வார்கள். அவற்றை நடத்தும் கம்பனிக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி இருக்க வேண்டும். ஒரு குறிப்பு: யூனிட் ட்ரஸ்ட் எல்லாமே பங்குகளில் போடுபவை அல்ல. திறைசேரி உண்டியலில் மட்டும் போடுபவையும் உண்டு. எதில் சேருகிறோம் என்று கேட்டுத்தான் சேர வேண்டும்.

பங்கு எப்படி ஆடும் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000க்கு மேல் நின்றது. நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற அந்த ஏப்ரலில், ஒரு வாரம் சந்தையையே மூடி வைத்தார்கள். மாத முடிவில் சுட்டெண் 8,000க்குக் கீழே. நாலு மாதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. 2025இல் அதே சுட்டெண் 20,000ஐத் தாண்டியது. 2022 ஏப்ரலில் அவசரக் காசு கையில் இருந்தவர் விற்காமல் பொறுத்திருந்தார். மாதாமாதம் போட்டவர் விழுந்த விலையிலும் வாங்கினார். இல்லாதவர் விழுந்த விலைக்கு விற்றுவிட்டார். அதனால்தான் 60,000 முதலில் வருகிறது. ஏழு எட்டு வருஷத்துக்குத் தேவைப்படாத காசு மட்டும்தான் பங்குப் பக்கம் போகலாம். திருமணத்துக்கு, வீட்டுக் கூரைக்கு என்று நாள் குறித்த காசு போகக்கூடாது. விழுந்தது கட்டாயம் எழும்பும் என்று யாரும் எழுதித் தரவும் மாட்டார்கள்.

"ஏழைத் தொழிலாளிக்குப் பங்கு எதற்கு, அது சூதாட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். அளவைப் பாருங்கள். நாலு வருஷம் கழித்து, தம்பிக்கு 29 வயதில், ஈ.பி.எஃப்பில் வட்டியோடு ஆறு லட்சம் அளவில் இருக்கும். சேமிப்பில் 60,000. யூனிட் ட்ரஸ்டில் 18 மாதத்துக் காசு, 36,000. மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 7 லட்சம். அதில் பங்கு நூற்றுக்கு 5. மிச்சம் 95 அரசாங்கத்திடமும் வங்கியிலும். அந்த 36,000 முழுவதுமே அழிந்தால்கூட ஆறு மாதச் சந்தா. இந்தியத் திட்டத்தில் அவர் வயதுக்காரருக்குப் பாதி என்று சொன்னோம். தம்பி துணிந்துவிட்டார் என்று நினைப்போம், உண்மையில் அவர் இன்னும் மிகப் பத்திரமான பக்கத்தில்தான் நிற்கிறார். வெளிக் காசை மட்டும் தனியாகப் பார்த்தால் இது தெரியாது. ஈ.பி.எஃப்பையும் சேர்த்து, ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

காணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்சம் காசு சேர்ந்ததும் எங்கள் பிள்ளைகள் ஒரு துண்டு தென்னங்காணி தேடுகிறார்கள். ஆசை நல்லது. ஆனால் தம்பியின் சம்பளம் ஏற்கெனவே தென்னையில் தொங்குகிறது. வெள்ளை ஈ வந்தாலும், வரட்சி வந்தாலும், வேலை குறையும் அதே வருஷம் காணியிலும் காய் குறையும். கன்று நட்டால் முதற்காய்க்கு ஆறு ஏழு வருஷம். 25 வயதுக்காரர் அதைப் பொறுப்பார். 59 வயதில் முழுக் காசையும் கன்றில் போட்டவர் 66 வரை என்ன சாப்பிடுவார்?

இப்போது அண்ணனிடம் வருவோம். அவருக்கு மூன்று இடத்திலிருந்து காசு வரவேண்டும். ஈ.பி.எஃப் 18 லட்சம். தோட்டம் மட்டும் நூற்றுக்கு 3 கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.ரி.எஃப், 2 லட்சத்து 50 ஆயிரம் என்று வைப்போம். மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு 14 நாட் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். இது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. முப்பது வருஷத்துக்கு முந்திய வேலைக்கும் இன்றைய சம்பளத்தில் காசு. விலைவாசி தின்னாத ஒரே பகுதி இதுதான். அண்ணனுக்கு அரை மாதம் 15,000, முப்பது வருஷம், ஆக 4 லட்சத்து 50 ஆயிரம். மூன்றும் சேர்ந்து 25 லட்சம்.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எஃப் எடுக்க ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது போதும். ஆனால் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு ஓய்வு வயது 60. 55 ஆனதும் எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சம்பளம் வந்துகொண்டிருக்கும் காலத்தில் ஓய்வுக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது ஓய்வுக்கு முந்தியே கரைந்துவிடும். எங்கள் அண்ணன் எடுக்கவில்லை. அதனால்தான் அவரிடம் 18 லட்சம் நிற்கிறது.

25 லட்சம் பெரிய காசு மாதிரித் தெரியும். மாதம் 15,000 ரூபா எடுத்துச் செலவழிக்கிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். விலைவாசி ஏற ஏற எடுக்கும் தொகையும் ஏற வேண்டும். வட்டியும் விலைவாசியும் சமமாக ஓடினால் இந்தக் காசு 14 வருஷம் வரும். 74 வயதில் முடிந்தது. வட்டி விலைவாசியை வருஷம் 3 சதவீதம் முந்தினால் 18 வருஷம், 78 வயது. வட்டி பிந்தினால் 70ஐத் தாண்டியதும் கையேந்த வேண்டும். அண்ணனுக்குப் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. காசு விழவும் கூடாது, சும்மா கிடக்கவும் கூடாது.

அதனால் நாங்கள் மூன்று கூறாகப் பிரிக்கச் சொல்கிறோம். முதல் கூறு 2 லட்சம். ஒரு வருஷச் செலவு. சேமிப்புக் கணக்கில், எப்போதும் எடுக்கக்கூடியதாக.

இரண்டாம் கூறு 10 லட்சம். இதை ஒரே நிலையான வைப்பாகப் போடாமல், 2 லட்சம் 2 லட்சமாக ஐந்து வைப்புகள் ஆக்குங்கள். ஒன்று ஒரு வருஷத்துக்கு, அடுத்தது இரண்டு வருஷத்துக்கு, இப்படி ஐந்து வரை. ஏணிப்படி மாதிரி. வருஷத்துக்கு ஒன்று முதிர்ந்து, முதல் கூறை நிரப்பும். ஏன் இப்படி? ஒரு வருஷத் திறைசேரி உண்டியலின் வட்டி 2021 தொடக்கத்தில் 5 சதவீதம் அளவில் இருந்தது. 2022 கடைசியில் 30ஐ நெருங்கியது. 2024 கடைசியில் 10க்குக் கீழே இறங்கியது. 2021இல் முழுவதையும் ஐந்து வருஷத்துக்குக் கட்டிவைத்தவர், வட்டி ஏறும்போது பார்த்துக்கொண்டு நின்றார். 2022 கடைசியில் முழுவதையும் ஒரு வருஷத்துக்குப் போட்டவர், அந்த வட்டி என்றைக்கும் வரும் என்று நம்பிச் செலவைக் கூட்டினார், புதுப்பிக்கும்போது வட்டி இறங்கிக்கொண்டே போனது. வட்டி எப்போது ஏறும், இறங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஏணி வைத்தவருக்குத் தெரியத் தேவையில்லை. எந்த வருஷமும் ஐந்தில் ஒரு பங்குதான் புது வட்டிக்குப் போகும்.

மூன்றாம் கூறு 13 லட்சம். இது 66 வயதுக்குப் பிறகு வேண்டிய காசு. 10 லட்சம் இன்னொரு வங்கியில் நீண்ட வைப்பில், வட்டியை எடுக்காமல் முதலோடு சேர விட வேண்டும். மிச்ச 3 லட்சத்தை, மனம் ஒப்பினால், பங்கு சார்ந்த யூனிட் ட்ரஸ்டில் வைக்கலாம். மொத்தத்தில் நூற்றுக்கு 12. 2022 மாதிரி விழுந்தால் ஒன்றேகால் லட்சம் அளவில் குறையும். அப்போதும் முதல் இரண்டு கூறு ஆறு வருஷச் செலவைச் சுமக்கும், விற்க வேண்டிய அவசரம் வராது. இரவில் தூக்கம் போகும் என்றால் அந்த 3 லட்சமும் வைப்பிலேயே இருக்கட்டும். அப்படியானால் மாதம் 15,000க்குப் பதிலாக 13,000, 14,000 என்று எடுக்கப் பழக வேண்டும்.

"இன்னொரு வங்கி" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 லட்சம் வரைதான் ஈடு தரும். 25 லட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டால் 14 லட்சம் வெளியே நிற்கும். இது கற்பனைப் பயம் அல்ல. 2020இல் த ஃபினான்ஸ் கம்பனியினதும் ஈ.ரி.ஐ. ஃபினான்ஸினதும் அனுமதிகளை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அப்போது ஈட்டின் எல்லை 6 லட்சம்தான். அவை அனுமதி பெற்றிருந்த கம்பனிகள். அனுமதியே இல்லாத இடத்துக்கு அந்த ஈடும் கிடையாது. ஆகவே காசைக் கொடுக்க முன் இரண்டு கேள்வி. மத்திய வங்கி வெளியிடும் அனுமதிப் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா? அரச வங்கி தரும் வட்டியைவிட இவர்கள் எவ்வளவு கூடத் தருகிறார்கள், ஏன்? இரண்டாம் கேள்விக்குச் சிரிப்பு மட்டும் பதிலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வுக் காசு வரும் வாரம் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். மகனின் த்ரீவீலர் லீசிங், மருமகனின் வெளிநாட்டு ஏஜென்சிக் காசு, சீட்டு, கைமாற்று. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். 5 லட்சம் கொடுத்தால் அது மூன்று வருஷத்துச் சாப்பாடு. அந்தப் பிள்ளை 25 வயதில் அதை உழைத்து எடுப்பார், அப்பா 60 வயதில் எடுக்க மாட்டார். கொடுப்பதானால் மூன்று கூறும் வங்கியில் போட்ட பிறகு, எவ்வளவு என்று தொகை குறித்துக் கொடுங்கள்.

தம்பி ஒருநாள் அண்ணன் ஆவார். பங்கில் சேர்ந்திருப்பதை ஓய்வு பெறும் கிழமையில் அள்ளிக்கொண்டு வைப்புக்கு ஓடக்கூடாது. அந்தக் கிழமை சந்தை விழுந்திருந்தால் எல்லாம் போச்சு. 50 வயதிலிருந்து வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்காக, கொஞ்சம் கொஞ்சமாக வைப்புக்கு மாற்ற வேண்டும். மாதத்தைக் குறித்து வைத்து, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாதத்தில் மாற்றுவது நல்லது. நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தால் மாற்றவே மாட்டோம்.

இவ்வளவும், தோட்டம் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான். கழித்துவிட்டுக் கட்டாத மாதங்கள் 59 வயதில் வெளியே வந்தால் தேடுவது கடினம். சம்பளச் சீட்டில் கழித்த தொகையும் ஈ.பி.எஃப் கணக்குக் கூற்றில் வரவு வைத்த தொகையும் ஒத்திருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை பாருங்கள். உங்கள் அடையாள அட்டை இலக்கம், பெயர், பிறந்த திகதி மூன்றும் தோட்டத்துப் பதிவிலும் ஈ.பி.எஃப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் காசு எடுக்கும் நேரம் கந்தோர் கந்தோராக அலைய வேண்டி வரும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது சம்பளச் சீட்டையும் ஈ.பி.எஃப் கூற்றையும் கொண்டு வாருங்கள். 55 தாண்டியவர்கள் முதலில் உட்காருங்கள், அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. மூன்று கூறும் எவ்வளவு என்று ஆளுக்கொரு தாளில் எழுதித் தருவோம். இளையவர்கள் அடுத்து வாருங்கள். உங்கள் தாளில் முதல் வரி 60,000 ரூபா. அது சேர்ந்த பிறகு இரண்டாம் வரியைக் கதைப்போம்.